கணவர் இறந்த பின் வீட்டுக் கடன்: கூடக் கையெழுத்துப் போட்டவர் என்ன செய்ய வேண்டும்?

*கேள்வி: என் கணவர் (44) இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒத்தக்கடைப் பக்கம் வீடு வாங்க ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸில் 18 லட்சம் வாங்கியிருந்தோம். 15 வருஷம், 9 சதவீத வட்டி, மாதம் 18,257 ரூபாய். 26 தவணை சரியாகக் கட்டினோம். பத்திரம் அவர் பெயரில். கடனில் நானும் கையெழுத்து. அப்போதே இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்தார்கள். ஆள் போனால் கடன் தள்ளுபடி என்றார்கள். அதை நம்பி இரண்டு மாதமாகக் கட்டவில்லை. இப்போது கட்டச் சொல்லி போன் மேல் போன். அவர் சுகர் மாத்திரை சாப்பிட்டதால் கிளைம் கிடைக்காது என்றும் கிளையில் சொல்கிறார்கள். மாமியார் வீட்டில் பங்கு கேட்கிறார். கடனில் அவருக்குப் பொறுப்பு இல்லையா? எனக்கு ஒரு மகன், ஒரு மகள். நான் தனியார் பள்ளி ஆசிரியை. (வாசகி, மதுரை)*

சகோதரி, முதலில் நின்றுபோன இரண்டு தவணையையும் கட்டிவிடுங்கள். இன்சூரன்ஸ் பணம் வரும்வரை மாதாமாதம் கட்டிக்கொண்டும் இருங்கள். கசப்பான யோசனைதான். ஆனால் காரணத்தைக் கேட்டால் ஒப்புக்கொள்வீர்கள்.

கடன் பத்திரத்தில் நீங்கள் போட்டது சாட்சிக் கையெழுத்து அல்ல. நீங்களும் கடனாளி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 43 ஆம் பிரிவுப்படி, கூட்டாக வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். ‘பாதி என் பங்கு, பாதி அவர் பங்கு’ என்று அவர்களிடம் பிரித்துப் பேச முடியாது. கணவர் இறந்ததால் கடன் முடியவில்லை. உங்கள் பொறுப்பு குறையவும் இல்லை. இன்சூரன்ஸ் என்பது கடன் கொடுத்தவருக்குப் பணம் வருகிற இன்னொரு வழி, அவ்வளவே. அந்தப் பணம் கணக்கில் ஏறும் நாள்வரை தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஒரு தவணை அதன் தேதியிலிருந்து 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கணக்கு வாராக் கடன் ஆகும். அதன்பின், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க இடம் தரும் சர்ஃபேசி சட்டம், 2002 இன் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ் வரலாம். அதுவும் கழிந்தால் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கலாம். இன்சூரன்ஸ் கிளைம் நிலுவையில் இருப்பதாலேயே இந்தக் கடிகாரம் நிற்பதில்லை. நோட்டீஸ் வந்தே விட்டால், கிளைம் விவரத்தைச் சொல்லி எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அவர்கள் 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்துவிட்டால், மதுரையிலேயே உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு 45 நாளுக்குள் போக வேண்டும். உங்களுக்கு முதல் பாக்கி இன்னும் 90 நாளைத் தொடவில்லை என்பதால் அந்தப் பேச்சை இத்தோடு நிறுத்துகிறேன்.

‘கிளைம் வந்தால் நான் கட்டும் பணம் வீண்தானே’ என்று தோன்றும். வீண் இல்லை. இந்த வகைக் காப்பீட்டில் பெரும்பாலும் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். எந்த மாதம் இறந்தால் எவ்வளவு என்று முதல் நாளே ஒரு பட்டியல் போட்டு, அதைச் சான்றிதழோடு இணைத்திருப்பார்கள். இறந்த தேதிக்கு அந்தப் பட்டியலில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் வரும். உங்கள் கடன் கணக்கில் இன்று என்ன நிற்கிறது என்பதைப் பார்த்து அல்ல.

உங்கள் எண்ணையே போட்டுப் பார்ப்போம். 26 தவணை முடிந்த நிலையில் அசல் பாக்கி சுமார் 16,64,000 ரூபாய். காப்பீட்டுப் பட்டியலை அவர்கள் 9 சதவீதத்துக்குப் பதில் 8.5 சதவீத வட்டியை வைத்துப் போட்டிருந்தால், அதே மாதத்துக்கு அதில் சுமார் 16,58,500 தான் இருக்கும். இப்படி ஒரு வித்தியாசம் வருவது சகஜம். கடன் வட்டி மிதக்கும் வட்டியாக இருந்து நடுவில் ஏறியிருந்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். இப்போது இரண்டு மாத வட்டி சுமார் 25,000 சேர்கிறது. கிளைம் பணம் வந்த பிறகும் 30,500 ரூபாய் பாக்கி நிற்கும், அபராதம் தனி. அந்த இரண்டு தவணையையும் (36,514 ரூபாய்) நீங்கள் கட்டியிருந்தால் கடன் பாக்கி சுமார் 16,52,400 ஆகியிருக்கும். 16,58,500 வந்து கடன் தீர்ந்து, மிச்சம் 6,100 நாமினிக்குத் திரும்பியிருக்கும். இரண்டு வழியிலும் உங்கள் கையிலிருந்து போவது ஏறக்குறைய ஒரே தொகைதான். கட்டினால் அபராதமும் இல்லை, சிபில் கெடுவதும் இல்லை, 90 நாள் பயமும் இல்லை. தாமதமாகிவிட்டதற்காக அவர்கள் அபராதம் போட்டால், அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று 2023 ஆகஸ்ட் ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. கணக்கு விவர அறிக்கை வாங்கி அந்த வரியைப் பாருங்கள்.

இனி அந்தச் சான்றிதழ். நீங்கள் தனியாக பாலிசி எடுக்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு குழு பாலிசி வைத்திருக்கும்; அதில் உங்கள் கணவரை ஓர் உறுப்பினராகச் சேர்த்து ‘சர்டிபிகேட் ஆஃப் இன்சூரன்ஸ்’ ஒன்று கொடுத்திருப்பார்கள். வீட்டில் இல்லையென்றால் கிளையில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் ‘ஹெட் ஆபீஸ்ல இருக்கு’ என்றே நாள் ஓடும்.

கையில் வந்ததும் முதலில் யார் பெயர் என்று பாருங்கள். கணவர் மட்டும், 100 சதவீதம் என்றிருந்தால் நல்லது. கூட்டுக் கடனில் இருவரையும் ஆளுக்குப் பாதியாகச் சேர்த்திருப்பதும் உண்டு. அப்படியானால் பாதிக் கடனுக்குத்தான் பணம் வரும். மீதி உங்கள் தலையில். அடுத்து காலம். கடன் 15 வருஷம், காப்பீடு 5 வருஷம் என்று போட்டிருக்கும் சான்றிதழ்களும் உண்டு. 26 மாதத்தில் நடந்ததால் உங்களுக்கு அது தடையாகாது. சில திட்டங்கள் விபத்து மரணத்துக்கு மட்டும், அல்லது குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும். மாரடைப்பு அதில் வருகிறதா என்பதைத் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் வரையறையைப் படியுங்கள்.

கிளைமைக் கிளை வழியாகக் கொடுங்கள். அதே நாளில் இன்னொரு செட்டை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேராக, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கிளையில் மேசை டிராயரிலேயே உறங்கிய கிளைம்கள் நிறைய. கிளைம் படிவம், இறப்புச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்றிதழ், நாமினியின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் நகல், இறந்த தேதியில் கடன் பாக்கி எவ்வளவு என்று நிறுவனம் தரும் கடிதம், கடைசியாகப் பார்த்த டாக்டரின் சான்று: பெரும்பாலும் இவ்வளவுதான். கிளைப் பிரதியில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள்.

சுகர் விஷயத்துக்கு வருகிறேன். கிளைமைத் தீர்மானிப்பது கிளை மேனேஜர் அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனி. அதனால் அவர் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். இன்சூரன்ஸ் சட்டம், 1938 இன் 45 ஆம் பிரிவுப்படி, காப்பீடு தொடங்கி மூன்று வருஷம் தாண்டிவிட்டால் உடல்நிலையை மறைத்தார் என்று சொல்லி மறுக்கவே முடியாது. உங்கள் கணக்கில் 26 மாதமே ஆகியிருப்பதால் அவர்கள் கேள்வி கேட்கலாம். கேட்டாலும், மறைத்ததாகச் சொல்லும் விஷயம் முக்கியமானது, தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று காட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான். மறுப்பதானால் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் தர வேண்டும். மோசடி அல்ல, தவறான தகவல் மட்டுமே என்று மறுத்தால் கட்டிய பிரீமியத்தை 90 நாளில் திருப்பித் தர வேண்டும்.

எனவே உங்கள் கேஸ் நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: சுகர் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, இன்சூரன்ஸில் சேரும் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் மறைத்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, முதல் மருந்துச் சீட்டு இரண்டையும் தேடி எடுங்கள். பெரியாஸ்பத்திரியில் பார்த்திருந்தால் அந்த ஓ.பி. சீட்டில் தேதி இருக்கும். முன்பே இருந்தது என்றால், அவர் கையெழுத்திட்ட உடல்நல உறுதிமொழிப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். பல படிவங்களில் ‘இல்லை’ என்ற கட்டங்கள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையில் டிக் அடிக்கப்பட்டிருக்கும். கையெழுத்து மட்டும் வேறு மையில் இருக்கும். சில படிவங்களில் சுகர் பற்றிய கேள்வியே இருக்காது. கேட்காததைச் சொல்லவில்லை என்று சண்டைக்கு வர முடியாது.

ஒரு காகிதத்தை மட்டும் குறிப்பாகப் பாருங்கள். கணவரை எந்த ஆஸ்பத்திரிக்காவது தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், அங்கே அவசரப் பிரிவில் யாரோ ஓர் உறவினர் பதற்றத்தில் ‘அஞ்சு வருஷமா சுகருங்க’ என்று சொல்லியிருப்பார். டாக்டரும் அப்படியே எழுதியிருப்பார். கிளைம் விசாரணைக்கு வருபவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அது தவறு என்றால், முதல் பரிசோதனைச் சீட்டோடு, வழக்கமாகப் பார்த்த டாக்டரிடம் ‘முதன்முதலில் கண்டறிந்த தேதி’ என்று குறிப்பிட்டுச் சான்று வாங்கி, கேட்பதற்கு முன்பே கிளைமோடு சேர்த்துவிடுங்கள். இறப்புக்குச் சம்பந்தமில்லாத முதுகெலும்புத் தேய்மானத்தை மறைத்தார் என்று மறுக்கப்பட்ட ஒரு கிளைமை 2015 இல் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது உண்டு. ஆனால் சுகருக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடுவது கடினம். அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

மறுத்துவிட்டால், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை உத்தரவிடும் அதிகாரம் உண்டு. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டு வருஷத்துக்குள் போகலாம். டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய கேஸ் இல்லையென்றால், ஆம்புட்ஸ்மன் வழியையே முதலில் சொல்வேன்.

மாமியார் கேட்பது சட்டப்படி சரி. கணவர் உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகன், மகள், அவருடைய தாய் நால்வருக்கும் வீட்டில் கால் கால் பங்கு. கடனும் அப்படியே வீட்டோடு வருகிறது. ஆனால் மாமியார் கடனில் கையெழுத்துப் போடாதவர் என்பதால், அவர் பொறுப்பு மகனிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே. அவருடைய சொந்த நகையையோ முதியோர் ஓய்வூதியத்தையோ தொட முடியாது. உங்களுக்கு அந்த வரம்பு இல்லை. கையெழுத்துப் போட்டதால் உங்கள் சம்பளம் வரை கேட்கலாம். இன்சூரன்ஸ் வந்து கடன் தீர்ந்தாலும் அவர் கால் பங்கு அப்படியே இருக்கும். அவர் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால், கடன் முடிந்தபின் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியது நிற்காது.

இப்போதே இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கடன் தீர்ந்ததும் அசல் பத்திரங்களை வாரிசுகளிடம் ஒப்படைக்க அவர்கள் அதைத்தான் கேட்பார்கள். முழுத் தொகையும் சேர்ந்த 30 நாளில் பத்திரங்களைத் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாதீர்கள். கடன் வாங்கும்போது, பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. என்ற ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் அவர்களை வரவழைத்துப் பதிவு செய்ய வைத்து, அதன் பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.