போர்ட்ஃபோலியோ தளம் செய்து தர எட்டாயிரம் கேட்கிறார்கள், கட்டலாமா?

மகள் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறாள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேயோடு போர்ட்ஃபோலியோ லிங்க்கும் கேட்கிறார்கள், ஊரில் ஒருவர் எட்டாயிரம் ரூபாய்க்குச் செய்து தருவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா என்று ஒரு தந்தை கேட்டிருக்கிறார்.

கொடுக்க வேண்டாம், ஐயா. பணம் வீண் என்பது மட்டுமல்ல. காசுக்குச் செய்து தருபவர் பெரும்பாலும் ஒரு டெம்ப்ளேட்டில் பெயரையும் படத்தையும் மாற்றித் தருவார். கூடவே ஒரு டொமைன் பெயரை ஓராண்டுக்கு வாங்கிப் போடுவார். அடுத்த ஆண்டு அதைப் புதுப்பிக்காவிட்டால் தளம் மறைந்துவிடும். ஏற்கெனவே அனுப்பிய ரெஸ்யூமேக்களில் உள்ள லிங்க் எல்லாம் செத்துவிடும். நேர்காணலில் "இந்தப் பக்கத்தை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் உங்கள் மகளிடம் பதில் இருக்காது. கிட்ஹப் பேஜஸ் என்ற இணையதளச் சேவையில் இதே வேலையை இலவசமாகச் செய்யலாம். ஆண்டுக் கட்டணமும் கிடையாது. இனி வருவது மகளுக்கு.

கிட்ஹப் கணக்கின் பெயரே தளத்தின் முகவரியாகும் என்பதால் அதில் முதலில் கவனம் வையுங்கள். பள்ளிக்காலத்தில் விளையாட்டாக வைத்த பெயர் இருந்தால், முகவரியை யாருக்கும் அனுப்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு `username.github.io` என்ற பெயரில் ஒரு பப்ளிக் ரெப்பாசிட்டரி தொடங்குங்கள். `username` இருக்கும் இடத்தில் உங்கள் கணக்குப் பெயர் அப்படியே வர வேண்டும். அதில் `index.html` கோப்பையும் ரெஸ்யூமேயையும் ஏற்றி, Settings பகுதியில் Pages என்பதைத் திறந்து, main கிளையும் / (root) இடமும் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் முறை தளம் தெரியப் பத்து நிமிடம்வரை ஆகலாம். அதற்குள் பதறி ரெப்பாசிட்டரியை அழிப்பவர்கள் உண்டு.

பக்கம் பகட்டாக இருக்க வேண்டியதில்லை. பெயர், எந்த வேலைக்கு முயல்கிறீர்கள் என்று ஒரு வரி, மூன்று ப்ராஜெக்ட், ரெஸ்யூமே, மின்னஞ்சல், அவ்வளவுதான். எச்டிஎம்எல்லில் இந்த இரண்டு வரிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்:

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
<a href="yourname-resume.pdf" download>Resume (PDF)</a>
```

முதல் வரி இல்லையென்றால் கைபேசியில் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கித் தெரியும். ஆள் எடுப்பவர்களில் பலர் லிங்க்கை முதலில் திறப்பது கைபேசியில்தான்.

இரண்டாவது வரியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸ் கணினிக்கு `Resume.pdf`, `resume.pdf` இரண்டும் ஒன்றுதான். கிட்ஹப் பேஜஸுக்கு அவை வேறு வேறு கோப்புகள். அதனால் வீட்டில் சரியாகத் திறந்த லிங்க், இணையத்தில் 404 என்று காட்டும். கோப்புப் பெயர் முழுவதும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். அதில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். `resume.pdf` என்றே வைத்தால் இறக்கியவரின் கணினியில் அதே பெயரில் இருக்கும் பல கோப்புகளில் உங்களுடையது எது என்று அவருக்குத் தெரியாது.

ரெஸ்யூமேயை கூகுள் டிரைவில் வைத்து லிங்க் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. டிரைவில் ஏற்றும் கோப்பு முதலில் உங்களுக்கு மட்டுமே திறக்கும். அனுமதியை மாற்ற மறந்தால், வந்தவர் "Request access" பொத்தானைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். பல கல்லூரிகள் வெளியாட்களுக்குப் பகிரவே விடுவதில்லை. படிப்பு முடிந்தபின் அந்தக் கணக்கை மூடிவிடுவதும் உண்டு. தளத்திலும் ரெஸ்யூமேயிலும் சொந்த ஜிமெயில் முகவரியையே போடுங்கள்.

பிடிஎஃப் கோப்பையும் சோதிக்க வேண்டும். அதைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எழுத்து எதுவும் வராவிட்டால் அது வெறும் படம். விண்ணப்பங்களைச் சலிக்கும் மென்பொருள் அதைப் படிக்க முடியாமல் போகலாம். இரண்டு நெடுவரிசை அமைப்பில் செய்திருந்தால் இடப்பக்கத் திறன் பட்டியலும் வலப்பக்கப் படிப்பு விவரமும் கலந்து வரக்கூடும். அப்படி வந்தால் ஒரே நெடுவரிசையில், ஒரே பக்கத்தில் மாற்றி எழுதுங்கள். வேர்டிலிருந்து எடுக்கும்போது Save As வழியாகப் பிடிஎஃப் எடுங்கள். Microsoft Print to PDF வழியாக எடுத்தால் உள்ளே இருக்கும் லிங்க்குகள் அழுத்தினாலும் திறக்காது. தள முகவரியை எழுத்தாகவும் போட்டுவையுங்கள்; கேம்பஸ் நேர்காணலில் அச்சுப் பிரதியைத்தான் கையில் வைத்திருப்பார்கள்.

பொதுவில் வைக்கும் பிரதியில் பிறந்த தேதி, தந்தை பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் வேண்டாம். நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பும் பிரதியில் எண் இருந்தால் போதும். பப்ளிக் ரெப்பாசிட்டரியில் ஒருமுறை ஏற்றியதைப் பிறகு நீக்கினாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அதனால் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ப்ராஜெக்ட். மூன்று போதும். யூடியூப் பார்த்துச் செய்த கால்குலேட்டரும் டூ-டூ லிஸ்ட்டும் எல்லோரிடமும் இருப்பதால் அவற்றைப் போட்டுப் பயனில்லை. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதை அறவே போடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

நால்வர் சேர்ந்து செய்த விடுதி மெஸ் செயலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பலர் அதை இப்படித்தான் எழுதுவார்கள்: "விடுதி உணவு மேலாண்மை அமைப்பு. பைத்தான், ஃபிளாஸ்க், எஸ்க்யூலைட் கொண்டு உருவாக்கப்பட்டது. உணவு வீணாவதைக் குறைக்கிறது." யார் உருவாக்கியது? எவ்வளவு குறைந்தது, யார் அளந்தது? அளக்காததைச் சொன்னால் அந்த ஒரு வரியை வைத்தே நேர்காணலில் மடக்குவார்கள்.

அதையே இப்படி எழுதலாம். தளத்தில் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பொருள் இதுதான்: "மறுநாள் காலை உணவு வேண்டாதவர்கள் இரவு 9 மணிக்குள் குறிக்கலாம். சமையலறைக்கு எண்ணிக்கை போகும். நால்வர் குழுவில் நான் செய்தது உள்நுழைவுப் பக்கமும் எண்ணிக்கை அறிக்கையும். சர்வரில் ஏற்றியபின் 9 மணிக்குப் பிறகும் பதிவுகள் ஏற்கப்பட்டன. சர்வர் கடிகாரம் யுடிசி நேரத்தில் இருந்ததே காரணம். நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிச் சரிசெய்தேன்."

இதில் கடைசிப் பகுதிக்குத்தான் மதிப்பு அதிகம். மடிக்கணினி இந்திய நேரத்தில் ஓடுவதால் அங்கே 21 மணிக்குச் சரியாகப் பதிவு நின்றிருக்கும். யுடிசியில் 21 மணி என்பது நமக்கு நள்ளிரவு தாண்டி 2.30. அதுவரை சர்வர் பதிவுகளை ஏற்றுக்கொண்டே இருக்கும். சரிசெய்தது ஒரே வரிதான்:

```python
now = datetime.now(ZoneInfo("Asia/Kolkata"))
```

வரி சின்னதாக இருந்தாலும், கோளாறைக் கவனித்துக் காரணத்தைத் தேடிப் பிடித்தவர் இவர் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நேர்காணல் அந்தப் பக்கம் திரும்பினால் உங்களுக்கு நல்லது. தெரிந்த இடத்தில் நின்று பேசலாம். உங்கள் ப்ராஜெக்ட்டிலும் இப்படி ஒன்று நிச்சயம் நடந்திருக்கும். அதை எழுதுங்கள். இல்லாத கோளாறைக் கற்பனை செய்யாதீர்கள்.

ஓடும் செயலிக்கு லிங்க் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. கிட்ஹப் பேஜஸில் பைத்தான் ஓடாது என்பதால் மாணவர்கள் ரெண்டர் போன்ற சேவையின் இலவசத் திட்டத்தில் செயலியை ஏற்றுகிறார்கள். அங்கே 15 நிமிடம் யாரும் வராவிட்டால் செயலி தூங்கிவிடும். அடுத்து வருபவர் ஒரு நிமிடம்போல் காத்திருக்க வேண்டும். யார் காத்திருப்பார்கள்? அதைவிட மோசமானது ஒன்று உண்டு. இலவசத் திட்டத்தில் செயலி உறங்கி எழும்போது அதன் உள்ளே எழுதிய கோப்புகள் அழிந்துவிடும். எஸ்க்யூலைட் தரவுத்தளமும் ஒரு கோப்புதானே? நீங்கள் நிரப்பி வைத்த மாணவர் பட்டியல் காணாமல் போய், வந்தவர் காலிப் பக்கத்தைப் பார்ப்பார்.

இதற்கு இரண்டு ஏற்பாடு போதும். செயலி தொடங்கும்போதே மாதிரித் தரவைத் தானாக நிரப்பும்படி எழுதிவிடுங்கள். கூடவே ஒரு நிமிடத் திரைப்பதிவு வீடியோவும் இரண்டு படமும் ப்ராஜெக்ட்டுக்குக் கீழே வையுங்கள். வீடியோவில் தலைப்பு அட்டையும் பின்னணி இசையும் வேண்டாம். ஒரு மாணவர் குறிப்பதும் எண்ணிக்கை மாறுவதும் தெரிந்தால் சரி.

குழுவில் உங்கள் பங்கு என்ன என்பதற்குச் சான்று கமிட் வரலாறு. அங்கே சில நேரம் உங்கள் பெயருக்கு நேரே கணக்கு இணைப்பு இருக்காது. கணினியில் `git config user.email` என்று தட்டினால் வரும் முகவரி உங்கள் கிட்ஹப் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். அது உங்களுடைய உண்மையான முகவரியாக இருந்தால் கிட்ஹப் அமைப்புகளில் Emails பகுதியில் சேர்த்து உறுதிசெய்யுங்கள். பழைய கமிட்டுகளும் உங்கள் கணக்கோடு இணைந்துவிடும். நிரலில் எங்காவது தரவுத்தளக் கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ எழுதியிருந்தால், அந்த வரியை அழிப்பது போதாது. கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வேறொருவர் கைபேசியில், இன்காக்னிட்டோ ஜன்னலில், மொபைல் டேட்டாவில் திறந்து ஒவ்வொரு லிங்க்காக அழுத்திப் பாருங்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே எல்லாக் கணக்கிலும் உள்நுழைந்திருப்பதால் அங்கே பூட்டிய கோப்பும் திறந்துவிடும். குறை கண்ணில் படாது. அடுத்த செமஸ்டர் மதிப்பெண் வந்து ரெஸ்யூமேயை மாற்றும்போது புதிய பிடிஎஃப்பை அதே பெயரில் ஏற்றுங்கள். பெயரில் `v2`, `final` என்று சேர்த்தால் அந்தக் கோப்புக்கு நேரடியாக அனுப்பிய பழைய லிங்க் உடைந்துபோகும். ஏற்றிய பின்னும் சில நிமிடம் பழையதே தெரியலாம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.