ஓடிட்காரர் ஈ.பி.எஃப். குறையைப் பிடிச்சா பதில்ல என்ன எழுதுறது?

கேள்வி: சேர், நான் புறக்கோட்டையில ஒரு மொத்த வியாபாரக் கம்பனியில எக்கவுன்ட்ஸ் பார்க்கிறன். 14 பேர் வேலை. 2025 ஜனவரியில இருந்து ஆளுக்கு மாசம் 8,000 வாழ்க்கைச் செலவுப் படி குடுக்கிறம், ஆனா ஈ.பி.எஃப். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான் கட்டினம். இந்த நவம்பர்ல ஓடிட்ல அதை எழுதிட்டாங்க, ரெண்டு சேல்ஸ் பொடியங்களோட பெற்றோல் காசையும் சேர்த்து. முதலாளி "விரைவில் சீர்செய்யப்படும்"னு ஒரு வரி எழுதிக் குடு, ஆக்கள்ட பங்கை அடுத்த சம்பளத்துல வெட்டு எண்டு சொல்றார். அப்படி எழுதலாமா?

பதில்: எழுதாதீங்க தங்கச்சி. "விரைவில்" எண்டதுக்கு திகதி இல்ல, அடுத்த வருஷம் அதே ஓடிட்காரர் வந்து அதே வரியைப் பார்த்துட்டு போன வருஷமும் சொன்னீங்களேன்னு கேப்பார். அப்ப அது தெரியாம நடந்த குறை இல்ல, தெரிஞ்சே விட்ட குறை ஆகிடும்.

முதல்ல எதை ஒத்துக்கணும்னு பார்ப்பம். வாழ்க்கைச் செலவுப் படி ஈ.பி.எஃப். சட்டத்துல சம்பாத்தியம்தான், அதுல வாதாட ஒண்டுமில்ல. பெற்றோல் காசு பில் காட்டி வாங்கின செலவுன்னா அது சம்பாத்தியம் இல்ல, அதையும் சேர்த்து "ஒத்துக்கொள்கிறோம்"னு எழுதினா இல்லாத கடனுக்கு நீங்களே கையெழுத்து வைக்கிறீங்க. அதால பகுதியா ஒத்துக்கொள்றம்னு எழுதி, பில் கொப்பிகளை இணைச்சு விடுங்க. பில் இல்லாம மாசா மாசம் ஒரே தொகை குடுத்திருந்தா மட்டும் எனக்கு முதல்ல சொல்லுங்க, அது வேற கதை.

இப்ப கணக்கு. 14 பேருக்கு 8,000 எண்டா மாசம் 1,12,000. ஈ.பி.எஃப். கம்பனி பங்கு 12, தொழிலாளி பங்கு 8, சேர்த்து 20 வீதம், அதாவது 22,400. ஈ.டி.எஃப். 3 வீதம் 3,360, அது முழுசா கம்பனி தலையில. முதலாளி சொன்ன வெட்டு நடக்காது, சம்பளம் குடுக்கிற நேரத்துல வெட்டாத 8 வீதத்தைப் பிறகு ஆக்கள்ட சம்பளத்துல எடுக்க முடியாது, கம்பனியே கட்டணும். இதை அவருக்கு இப்பவே சொல்லிடுங்க, கடிதத்துல கையெழுத்து வச்ச பிறகு சொன்னா உங்கள்ட பாய்வார்.

ஈ.பி.எஃப்.க்கு பிந்தின காலத்துக்கு ஏத்த மாதிரி மேலதிகக் கட்டணம் ஏறும். 6 மாசத்துல இருந்து 12 மாசம் வரை 40 வீதம், அதுக்கு மேல 50. ஜனவரிச் சம்பளத்து காசு பெப்ரவரி கடைசிக்குள்ள கட்டியிருக்கணும், அதால வாற பெப்ரவரி 28ஐத் தாண்டினா அந்த ஒரு மாசத்துக்கே 8,960 எண்டது 11,200 ஆகிடும். திகதியை மனசுக்கு வந்தபடி போடாம இதைப் பார்த்துப் போடச் சொல்றது அதுக்குத்தான்.

நான் எழுதிறதா இருந்தா இப்படி எழுதுவன் (கடிதம் இங்கிலீஷ்ல போனாலும் சாரம் இதுதான்):

"வாழ்க்கைச் செலவுப் படிக்கு 2025 ஜனவரி முதல் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். செலுத்தப்படவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறோம். படி அறிமுகப்படுத்தியபோது சம்பள மென்பொருளில் அது கழிவுக்குரியதாகக் குறிக்கப்படவில்லை. விலகியவர்கள் உட்பட ஒவ்வொருவருக்கும் மாதவாரிப் பட்டியல் 2025 நவம்பர் 28க்குள் தயாராகும். நவம்பர்ச் சம்பளம் முதல் சரியான தொகை செலுத்தப்படும். நிலுவை 2025 டிசம்பர் 15, 2026 ஜனவரி 30 ஆகிய இரு திகதிகளில் செலுத்தப்படும். பொறுப்பு: நிதி முகாமையாளர். பற்றுச்சீட்டுகள் அந்தந்தத் திகதியிலிருந்து ஒரு கிழமைக்குள் உங்களுக்கு அனுப்பப்படும்."

காரணம் உண்மையா இருக்கணும். மென்பொருள்ல பிழை இல்லாம, முதலாளி காசு மிச்சம் பிடிக்க விட்டதுன்னா மேல நான் எழுதின வரியை எடுத்துடுங்க, காரணத்தைப் பற்றி ஒண்டும் எழுதாம குறையை மட்டும் ஒத்துக்கொண்டாலும் கடிதம் நிக்கும். பொய்க் காரணம் எழுதி, பிறகு ஒரு ஆள் லேபர் ஒபிசுக்கு போய் பழைய மின்னஞ்சலைக் காட்டினா அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரா சாட்சி.

"தொழில் திணைக்களத்தோட இந்தத் திகதிக்குள்ள முடிப்பம்"னு மட்டும் வாக்கு குடுக்காதீங்க. மேலதிகக் கட்டணத்தைக் கணக்குப் போடுறது அவங்க கையில இருக்கு, உங்க கையில இல்ல. "பட்டியலோட இந்தத் திகதியில் அறிவிப்போம்"னு எழுதலாம். பொங்கல், போயா லீவையும் பார்த்துட்டு திகதி போடுங்க, லீவுக்குள்ள மாட்டுற திகதி ஒருக்கா தவறினாலும் பதில் முழுக்க நம்பிக்கை போயிடும்.

நிலுவையை ஒரே தொகையா அனுப்பாம ஒவ்வொரு மாசத்துக்கும் தனித்தனி சி ஃபோம்ல, ஆள்வாரியா கட்டுங்க. இல்லாட்டி காசு போன பிறகும் யார் கணக்குல ஏறினதுன்னு காட்ட உங்களால முடியாது, வேலையை விட்டுப் போன ரெண்டு பேர் இருந்தா முதல்ல கேக்கிறதும் அவங்கதான்.

முதலாளி கையெழுத்து வைக்க முதல் அந்தப் பட்டியலை அவர் மேசையில வையுங்க. பத்து மாசத்துக்கு ஈ.பி.எஃப். 2,24,000, ஈ.டி.எஃப். 33,600, அதுக்கு மேல கட்டணம். தொகையைப் பார்த்தா ஜனவரி 30க்கு காசு இருக்குமா இல்லையான்னு அவரே சொல்லுவார், இல்லாட்டி கடிதம் போக முதலே திகதியை மாத்திடலாம்.