தாச்சிங்கா, தராசா? கயிற்றைப் பாருங்கள்

"பழைய சந்தைப் படங்களில் இருப்பது சுருள்வில் தராசா, இருதட்டுத் தராசா, வணிகர் கோலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

பிடிகயிறு கோலின் நட்டநடுவில் இருந்தால் இருதட்டுத் தராசு. கோலே இல்லாமல் கொக்கியும் எண் பொறித்த முகப்பும் மட்டும் என்றால் சுருள்வில்.

கயிறு ஒரு முனையை ஒட்டியிருந்தால், அதுதான் வணிகர் கோல்; சிங்கப்பூர்ச் சந்தைகளில் புழங்கிய தாச்சிங். நம் வெள்ளிக்கோலின் உறவு. பொருள் குட்டைக் கையில் தொங்கும். நீண்ட கையில் எடைக்குண்டு நகரும். ஏற்றப்பலகையில் அப்பா நடுவை ஒட்டியும் குழந்தை நுனியிலும் அமர்ந்தால் சமனாகுமே, அதே கணக்கு. தட்டின் எடையை விட்டுவிட்டால், கயிற்றிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கும் 400 கிராம் குண்டு, 5 செ.மீ. தள்ளித் தொங்கும் 2.4 கிலோ மீனைத் தாங்கும். காட்டி என்ற அந்தக் கால எடை அளவில் ஏறக்குறைய 4. கோலில் வரிசையாகப் பதித்த புள்ளிகளும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒற்றைத் தட்டைப் பார்த்துப் பலர் இதை மறுதட்டு தொலைந்த தராசு என்கிறார்கள்; தாச்சிங்குக்கு இன்னொரு தட்டு இருந்ததே இல்லை.