வண்டி நின்றால் வீடு ஓட எவ்வளவு வேண்டும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாதச் சம்பளம் இல்லாதவர்களுடையவை. டெலிவரி, ஆட்டோ, ஃப்ரீலான்ஸ் வேலை. அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சென்னையில் ஃபுட் டெலிவரி செய்கிறேன், மனைவி, ஒரு குழந்தை. ஒரு மாதம் 34,000 வரும், ஒரு மாதம் 23,000தான். ஆறு மாத வருமானத்தை அவசரத்துக்கு வைத்துவிட்டுத்தான் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது நடக்கிற காரியமா?

ஆறு மாத வருமானம் என்று கணக்குப் போட்டால் இரண்டு லட்சத்தை நெருங்கிவிடும், மலைத்துப்போய் ஒன்றுமே சேர்க்காமல் விட்டுவிடுவீர்கள். வருமானத்தை விடுங்கள், செலவைப் பிடியுங்கள். நீங்கள் மெயிலில் எழுதியிருந்த கணக்கு இது: வாடகை 7,500, மளிகை, பால், கேஸ் 7,500, கரண்ட் 800, பள்ளிக் கட்டணத்தை மாதமாகப் பிரித்தால் 1,500, வண்டி டியூ 3,200, ரீசார்ஜ் 500. மொத்தம் 21,000. பெட்ரோலைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் வண்டி ஓடாத நாளில் பெட்ரோலும் கிடையாது. அதே காரணத்தால் வரவிலும் பெட்ரோலைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆப் காட்டுகிற தொகை உங்கள் வருமானம் இல்லை.

அடுத்தது போன 12 மாதத்தில் தொடர்ச்சியாக எப்போது துண்டு விழுந்தது என்று பார்ப்பது. உங்களுக்கு ஏப்ரல், மே, ஜூன். கல்லூரிகள் லீவு விட்டதும் ஆர்டர் குறைந்திருக்கிறது. பெட்ரோல் போக ஏப்ரலில் 18,000, மேயில் 17,000, ஜூனில் 19,500 நின்றிருக்கிறது. 21,000-க்கு முறையே 3,000, 4,000, 1,500 குறைவு, ஆக மொத்தம் 8,500. இதை நான் அவசரம் என்று சொல்ல மாட்டேன், வருஷா வருஷம் வரப்போகிற மந்த காலம் இது. இதற்குத் தனியாகப் பணம் வேண்டும்.

அவசரம் என்பது வேறு. மழையில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்தால் இரண்டு மாதம் வண்டியைத் தொட முடியாது, மூன்றாவது மாதம் பாதி நேரம்தான் ஓட்ட முடியும் என்று வையுங்கள். இரண்டு மாதச் செலவு 42,000, மூன்றாவது மாதத்தில் பாதி 10,500. அதே விபத்தில் வண்டிக்கும் அடி, அதற்கு 8,000. மொத்தம் 60,500. விபத்து மந்த காலம் முடிகிற நேரத்திலும் வரலாம் என்பதால் அந்த 8,500-ஐயும் கூட்டினால் 69,000. உங்களுக்கு முதல் இலக்கு 70,000. அதைத் தொட்டதும் சின்னதாக ஒரு எஸ்.ஐ.பி. ஆரம்பியுங்கள், கூடவே இந்தத் தொகையையும் ஆறு மாதச் செலவான 1,26,000 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள்.

சேர்ப்பதற்கு ஒரு வழி: 21,000-ஐ வாரக் கணக்கில் பிரித்தால் சுமார் 4,850. வாரப் பணம் ஏறிய அன்றே பெட்ரோலுக்கு எடுத்து வைத்துவிட்டு, வீட்டுக்கு 4,850 போக மிச்சத்தை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மற்ற ஒன்பது மாதமும் சராசரியாக 25,500 நிற்கிறது என்றால் வருஷத்துக்கு 32,000 சேரும். ஆகவே 70,000-க்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுதான் உண்மை நிலவரம். அதுவரை கம்பெனி கொடுத்திருக்கிற விபத்துக் காப்பீட்டின் தாளை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். ஆர்டரில் இருக்கும்போது நடந்தால் மட்டும்தானா? வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஏதாவது உண்டா? வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டுகிற பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கை எலும்பு முறிந்து ஆறி வருகிற இரண்டு மாதத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது.

கோவையில் ஃப்ரீலான்ஸ் வீடியோ எடிட்டர். மாதம் 10,000 எஸ்.ஐ.பி. இரண்டு வருஷமாகப் போகிறது, கையில் ரொக்கம் இல்லை. தேவைப்பட்டால் ஃபண்டை விற்றுக்கொள்ளலாம்தானே?

விற்கலாம். ஆனால் எப்போது விற்க நேரும் என்று யோசியுங்கள். 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. இரண்டே நாளில் நாடு முழுக்க ஊரடங்கு. உங்களைப் போன்றவர்களுக்கு வேலை நின்றதும் சந்தை விழுந்ததும் ஒரே வாரத்தில். ஒரு லட்சம் இருந்த இடத்தில் 62,000-ஐ எடுத்து வாடகை கொடுத்தவருக்கு, சந்தை திரும்ப ஏறியபோது கையில் யூனிட்டே இல்லை.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: வேலையை முடித்துக் கொடுத்தும் பணம் வர 60 நாள் ஆகிறது என்கிறீர்கள். பில் போட்டது கைப்பணம் ஆகாது. அதனால் உங்களுக்கு முதலில் இரண்டு மாதச் செலவு வெறும் காத்திருப்புக்கே போய்விடும், அதற்கு மேல் நான்கு மாதம் அவசரத்துக்கு. எஸ்.ஐ.பி.யை இப்போது நிறுத்தி வையுங்கள், சேர்ந்ததை விற்க வேண்டாம், மாதாமாதம் போகிற அந்த 10,000-ஐ ரொக்கப் பக்கம் திருப்புங்கள். கணக்கில் பணம் இல்லாத மாதத்தில் ஆட்டோ டெபிட் திரும்பிப் போனால் வங்கி பிடிக்கிற அபராதமும் மிச்சம். வருமான வரிக்கு என்று ஒதுக்கிய பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது உங்கள் பணமே இல்லை.

எங்கே வைப்பது? சேமிப்புக் கணக்கில் வட்டியே வருவதில்லையே.

இந்தப் பணம் வட்டிக்காக இல்லை. 70,000 என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: வீட்டில் ரொக்கமாக 5,000, ஏ.டி.எம். கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் 25,000, மீதி 40,000 நான்கு பத்தாயிரமாக ஃபிக்ஸட் டெபாசிட்டில். நான்காகப் போடுவது எதற்கென்றால், பத்தாயிரம் தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். முன்கூட்டி எடுத்தால் வட்டி கொஞ்சம் குறையும், அசல் குறையாது. குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடுகிற லிக்விட் ஃபண்டும் பரவாயில்லை. உடனடிப் பணம் என்ற வசதி இருக்கும் ஃபண்டில் ஒரு நாளைக்கு 50,000 அல்லது உங்கள் இருப்பில் 90 சதவீதம், இதில் எது குறைவோ அது உடனே வரும், மிச்சத்துக்கு அடுத்த வேலை நாள் வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டில் 5,000 எதற்கு என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. யு.பி.ஐ.யை வைத்துக்கொண்டு ஒரு பால் பாக்கெட்கூட வாங்க முடியவில்லை.

சீட்டுப் பணத்தை மட்டும் இதில் கணக்கு வைக்காதீர்கள். அவசரத்தில் தள்ளி எடுத்தால் கழிவே கணிசமாகப் போய்விடும், ஒரு தடவை எடுத்த பிறகு அடுத்த அவசரத்துக்கு ஒன்றும் இல்லை, தவணை மட்டும் பாக்கி நிற்கும்.

கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி. முதலில் அதையா, இதையா?

முதலில் 10,000 கையில் வையுங்கள், அதோடு நிறுத்திக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் கார்டுக்குக் கட்டுங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி ஓடும்போது டெபாசிட் போடுவதில் அர்த்தம் இல்லை. அந்தப் பத்தாயிரம் எதற்கென்றால், வண்டி ரிப்பேருக்கு மறுபடி அதே கார்டைத் தேய்க்காமல் இருக்க.

மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறேன். வீட்டில் நான்கு பவுன் இருக்கிறது, அவசரம் என்றால் அடகு வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நகைக்கடன் மாதிரி சீக்கிரம் கிடைக்கிற கடன் வேறு இல்லை. ஆனாலும் அது கடன். ஓட்டம் நின்றுபோன மாதத்தில் வாங்குகிறீர்கள், ஓட்டம் முழுசாகத் திரும்புவதற்கு முன்பே வட்டி கட்ட ஆரம்பிக்கிறீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால் வங்கியும் திறந்திருக்காது, அடகுக் கடையும் திறந்திருக்காது. ஆகவே இரண்டு மாதச் செலவு ரொக்கமாக இருக்கட்டும், அது தீர்ந்த பிறகு நகை. அப்போதும் 100-க்கு 2 ரூபாய் மாத வட்டிக் கடைக்குப் போகாமல் வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போங்கள். மனைவியின் பெயரில் இன்றைக்கே அங்கே ஒரு கணக்கைத் திறந்துவைத்தால், நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் அவரே போய் வாங்கிவிட முடியும்.