காஸ் நெருப்பில் கத்தரிக்காய் சுடுதல்: கேள்வி பதில்

உப்புவெளியில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையின் சமையலறையை நடத்தி வருகிறேன். மதியச் சோற்றுடன் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல் வைப்பது எங்கள் வழக்கம். அதன் செய்முறையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

மட்டிக்களியிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, வெளித்தோல் முழுக்கக் கருகிவிட்டது. ஆனால் காம்புப் பக்கம் வெட்டினால் உள்ளே வெள்ளையாக, றப்பர் போல இருக்கிறது. என்ன பிழை?

இதைச் சுடத் தொடங்குகிறவர்களில் அநேகருக்கு நேர்வது இதுதான், தங்கச்சி. கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது. அதற்குள் நிறையக் காற்று இருப்பதால் சூடு மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். அத்துடன் காம்பின் பச்சைத் தொப்பி மூடியிருக்கும் கழுத்துப் பகுதியில் சதை இறுக்கமாக இருக்கும். நாம் அநேகமாக நடு வயிற்றையே நெருப்பின் மேல் வைக்கிறோம். கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் செய்வதை ஒரு காயை வைத்துச் சொல்கிறேன். சுமார் 300 கிராம் நிறையும் மிகத் தடித்த இடத்தில் 6 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி முனையால் 5 இடங்களில் குத்துவேன். அவற்றில் 2 குத்துகள் கழுத்தில் இருக்கும். தொப்பியின் இதழ்களை வெட்டிவிட்டுக் காம்பை மட்டும் பிடிக்கு விட்டுவைப்பேன். நெருப்பு நடுத்தரமாக, சுடரின் நுனி காயின் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முதற் பக்கத்தை 3 நிமிடம் அசைக்காமல் விட்டால் தோல் கொப்பளித்துக் கறுக்கும், குத்திய துளைகளில் இருந்து ‘ஸ்ஸ்’ என்று ஆவி வரும். பிறகு இடுக்கியால் கால் சுற்று திருப்பி மற்றொரு 3 நிமிடம். இப்படி நான்கு பக்கமும் 12 நிமிடத்தில் முடியும். அதன் பின் காம்பைப் பிடித்துக் காயைச் சாய்த்து, கழுத்தைச் சுடரின் மேல் காட்டி, சுற்றிக்கொண்டே 2 அல்லது 3 நிமிடம் பிடிப்பேன். நீங்கள் தவறவிட்டது இந்தக் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களைத்தான்.

வெந்ததா என்பதைக் காட்டுவது தோலின் கறுப்பு அல்ல. இடுக்கியால் நடுவில் பிடித்துத் தூக்கினால் காய் இரு பக்கமும் தொய்ந்து விழ வேண்டும். கத்தி நுனியைக் காம்புக்கு அருகில் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்க வேண்டும். அங்கே தடை தெரிந்தால் இன்னும் 1 நிமிடம் பிடியுங்கள்.

பாலையூற்றிலிருந்து ஓர் ஐயா: நான் பெரிய நெருப்பில் 5 நிமிடத்தில் முடிக்கிறேன். தோல் கருகினால் உள்ளே வெந்துவிட்டது என்றுதானே பொருள்?

நீங்கள் சொல்வதில் பாதி சரி, ஐயா. மணத்துக்குத் தோல் நன்றாகக் கருகத்தான் வேண்டும். காஸ் நெருப்புக்கென்று தனியாகப் புகை மணம் இல்லை. கருகும் தோலில் இருந்தும், சுடரில் விழுந்து எரியும் சாற்றில் இருந்துமே அந்த மணம் வருகிறது. ஆகவே தோல் கருகாமல் எடுத்தால் அது அவித்த கத்தரிக்காய் போலவே இருக்கும். ஆனால் பெரிய நெருப்பு தோலைக் கருக்கும் வேகத்துக்குச் சூடு நடுவரை போய்ச் சேருவதில்லை. 5 நிமிடத்தில் நீங்கள் பெறுவது கருகிய தோலும், அதற்கடியில் விரல் தடிப்பளவு வெந்த சதையும், நடுவில் கசப்பான பச்சைக் காயும்தான். பிசையும்போது கட்டியாக நிற்பது அந்த நடுப்பகுதியாகத்தான் இருக்கும்.

உவர்மலையிலிருந்து ஒருவர்: என்னுடைய கத்தரிக்காய் ‘டொப்’ என்று வெடித்து, அடுப்பு, சுவர், சட்டை எல்லாம் சதை. மனைவி இன்னும் கோபமாக இருக்கிறார்.

குத்தாமல் வைத்திருப்பீர்கள், தம்பி. உள்ளே நீர் ஆவியாகிறது, தோல் இறுக்கமாக மூடியிருக்கிறது, ஆவிக்குப் போக்கிடம் இல்லை. தோலைக் கீறிவிட்டால் மட்டும் போதாது, குத்து சதைக்குள் 1 சென்ரிமீற்றராவது இறங்க வேண்டும். அடுப்பில் இருந்து இறக்கிய பின்னரும் சில நேரம் வெடிப்பதுண்டு. ஆகவே முதற் குத்து பெரிதாக இருக்கட்டும். மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிட்டு, சுவரை நீங்களே துடையுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஓர் அம்மா: பிள்ளை, எங்கள் வீட்டில் சுட்டால் காஸ் மணமும் கரி மணமும்தான் வருகிறது. ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது. சிலிண்டரில் பிழையா?

பெரும்பாலும் சிலிண்டரில் அல்ல, அம்மா, சுடரில்தான் பிழை இருக்கும். உங்கள் சுடர் நீலமாக எரிகிறதா, மஞ்சளாக எரிகிறதா என்று பாருங்கள். மஞ்சளாக இருந்தால் காஸுக்குப் போதிய காற்றுச் சேரவில்லை. எரியாத கரி காயின் மேல் படியும். காயை வைக்கும் முன் வெறும் எவர்சில்வர் தட்டத்தின் அடியைச் சுடருக்கு மேல் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். விரலால் தேய்த்தால் கறுப்புத் தூள் ஒட்டுமானால் அடுப்பைத் துப்புரவாக்க வேண்டும். கடலோர வீடுகளில் உப்புக் காற்றால் பேர்னரின் துளைகள் துருவேறி அடைபடுகின்றன. பேர்னர் ஆறிய பிறகு அதன் மூடியைக் கழற்றி, ஊசியால் துளைகளின் அடைப்பை எடுத்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்துப் பொருத்துங்கள். அதன் பின்னரும் மஞ்சளாகவே எரிந்தால் அடுப்புத் திருத்துபவரைக் கூப்பிடுங்கள். காற்றுப் போகும் வாயை நாமே தட்டித் திருத்த முயல்வது நல்லதல்ல.

ஒரு பக்கம் மட்டும் கருகுவதற்குக் காற்றும் காரணமாகலாம். கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் சமையலறையிலும் சுடர் சாய்ந்தே நிற்கும். காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்தி, எதிர்ப் பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பேன். எல்லாவற்றையும் சாத்திவிட்டால் புகைக்குப் போக்கிடம் இராது. காற்றில் சுடர் அணைந்துபோனால் காஸ் உள்ளேயே தேங்கும். சுடும்போது அடுப்பை விட்டு நகரவே கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

சீனக்குடாவிலிருந்து ஒரு தம்பி: காஸ் நெருப்பில் கத்தரிக்காய்ப் பொரியலுக்கு எண்ணெய் எவ்வளவு வேண்டும்?

இங்கே பேசுவது பொரியலை அல்ல, தம்பி. சட்டியும் இல்லை, எண்ணெயும் இல்லை. காய் நேரே நெருப்பில் கிடக்கிறது.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி: எண்ணெய் இல்லை என்கிறீர்கள். நான் தோலில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித்தான் சுடுகிறேன், தோல் அழகாக உரிகிறது. அத்துடன் சுட்ட காயைத் தண்ணீரில் போட்டுத்தான் உரிக்கிறேன்.

எண்ணெயைப் பொறுத்தவரை உங்களுடன் வாதாட மாட்டேன். தோல் ஒரே சீராகக் கருகுவதற்கு அது உதவுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். சுடரில் சொட்டி எழும்பி எரிகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். நான் தடவுவதில்லை, அவ்வளவுதான்.

தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள், சகோதரி. இத்தனை நிமிடம் நின்று ஏற்றிய மணம் அந்தத் தண்ணீரோடு போய்விடும், சதையும் நீர் குடித்துச் சப்பென்று ஆகும். இறக்கிய காயை ஒரு கோப்பையில் இட்டுத் தட்டத்தால் மூடி 10 நிமிடம் வையுங்கள். உள்ளே நிற்கும் ஆவியே தோலைத் தளர்த்திவிடும். பிறகு கையை நனைத்துக்கொண்டு, காம்பைப் பிடித்தபடி மேலிருந்து கீழாக இழுத்து உரியுங்கள். இரண்டொரு கறுப்புத் துணுக்குகள் சதையில் ஒட்டியிருந்தால் குற்றமில்லை. தடித்த கரியைக் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள், அது கசக்கும். கோப்பையின் அடியில் ஊறி நிற்கும் மண்ணிறச் சாற்றை நாக்கில் வைத்துப் பாருங்கள்: கசந்தால் ஊற்றிவிடலாம், இனித்தால் சம்பலில் சேர்க்கலாம்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்: சிரட்டைத் தணலில் சுட்டால் வரும் மணம் காஸில் வருமா?

வராது. தணலுக்குத் தன் புகை இருக்கிறது, காஸுக்கு இல்லை. கிட்ட வரலாம், எட்ட முடியாது. உங்கள் வீட்டில் சிரட்டையும் நேரமும் இருந்தால் அதிலேயே சுடுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி: தக்காளியையும் இப்படியே சுடலாமா? நான் வைத்தபோது அடுப்பெல்லாம் சாறு.

சுடலாம், ஆனால் நேரம் வேறு. தக்காளியின் தோல் மெல்லியது, உள்ளே நீர். 1 நிமிடத்திலேயே தோல் வெடித்துச் சுருளும். நன்றாகப் பழுத்துக் கனிந்ததை எடுக்காதீர்கள், அழுத்தினால் உறுதியாக நிற்பதை எடுங்கள். பேர்னரின் மேல் ஒரு கம்பி வலையை வைத்து, அதன்மேல் தக்காளியை இட்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் திருப்பினால் நடுத்தரப் பழத்துக்கு 5 அல்லது 6 நிமிடம் போதும். காம்பு இருந்த குழியைக் கடைசியாக நெருப்புக்குக் காட்டுங்கள், முதலில் காட்டினால் சாறு அந்த வழியாக ஒழுகும். பழம் முழுவதும் குழையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; தோல் கருகி வெளிப்புறம் மெதுவானதும் எடுத்துவிடலாம், உள்ளே இருக்கும் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கத்தரிக்காய் மூடிக்கிடக்கும் அந்த 10 நிமிடத்தில் தக்காளியை முடித்துவிடுவது என் பழக்கம்.

அதே தங்கச்சி: சம்பல் பிசைந்து தேங்காய்ப்பால் விட்டதும் திரிந்துபோனது அக்கா.

காய் சூடாக இருக்கும்போதே தேசிக்காய்ப் புளியும் பாலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். முதலில் காயைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். 300 கிராம் காயில் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் சதை மிஞ்சும். அதை முள்ளுக்கரண்டியால் மசித்து, பொடியாக அரிந்த 5 சின்ன வெங்காயம், 2 பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, கட்டியான முதற்பால் 3 மேசைக்கரண்டி விட்டுக் கலக்குங்கள். புளியைப் பரிமாறும் நேரத்தில் பிழியுங்கள். அரைத் தேசிக்காய் போதும்.

பாலையூற்று ஐயா மீண்டும்: நீங்கள் சொன்னபடி 14 நிமிடம் சுட்டேன். காயே இல்லாமல் போய்விட்டது, தோலும் நாரும்தான் மிஞ்சியது.

எந்தக் காயை எடுத்தீர்கள், ஐயா? சந்தையில் வாங்கும் நீண்ட மெல்லிய காயாக இருந்தால், 3 சென்ரிமீற்றர் தடிப்புள்ளதற்கு 6 அல்லது 7 நிமிடம் மட்டும்தான். என்னுடைய 14 நிமிடம் தடித்த காய்க்கு உரியது; மெல்லிய காய்க்கு நேரம் குறையும் என்பதை முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை நேரத்தைப் பாராமல், காம்புக்கு அருகில் கத்தி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.