முக்கோணத்துக்குள் எத்தனை ஜூல்?

அன்புள்ள ஐயா,

பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, வெப்ப இயந்திரம் ஒன்றின் அழுத்தம்–பருமன் வரைபடத்தைக் கொடுத்து, ஒரு சுற்றில் கிடைக்கும் வேலையைக் கேட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 400 ஜூல் வருகிறது. கட்டங்களை எண்ணினால் 300 வருகிறது. புத்தகத்தின் விடையோ 200. எது சரி? வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள அம்மா,

புத்தகத்தின் விடைதான் சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் வாயு, 1 லிட்டர், 100 கிலோபாஸ்கல் என்ற அ புள்ளியிலிருந்து நேர் மேலே 300 கிலோபாஸ்கலுக்கு (ஆ) ஏறி, சாய்கோட்டில் 3 லிட்டர், 100 கிலோபாஸ்கலுக்கு (இ) இறங்கி, கிடைக்கோட்டில் அ-வுக்குத் திரும்புகிறது. அ-விலிருந்து ஆ வரை பருமன் மாறாததால், அழுத்தம் மும்மடங்கானாலும் அங்கே வேலை இல்லை. சாய்கோட்டில் சராசரி அழுத்தம் 200 கிலோபாஸ்கல், பருமன் கூடுவது 2 லிட்டர். கிலோபாஸ்கலை லிட்டரால் பெருக்கினால் நேராக ஜூலே வரும் என்பதால், வாயு செய்த வேலை 400 ஜூல். உங்கள் மகள் இங்கேயே நிறுத்திவிட்டார். திரும்பும் வழியில் வாயுவை 100 கிலோபாஸ்கலில் 2 லிட்டர் அமுக்க நாம் 200 ஜூல் செலவிட வேண்டும். அதைக் கழித்தால் மிஞ்சுவது 200.

கட்டத்தில் நேர்ந்த பிழை வேறு. புதுச்சேரியில் நான் மாலை வகுப்பு எடுத்த நாள்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில் விழுந்திருக்கிறார்கள் என்பதால், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு கட்டத்தின் அகலம் 0.5 லிட்டர், உயரம் 50 கிலோபாஸ்கல், ஆகவே ஒரு கட்டத்துக்கு 25 ஜூல். சாய்கோட்டிலிருந்து தாளின் அடிக்கோடு வரை அவர் எண்ணிய 12 கட்டங்களும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அந்த அடிக்கோட்டின் ஓரத்தில் அச்சாகியிருப்பது சுழியம் அன்று, 50. தாளில் வராத அந்தக் கீழ்ப்பட்டையில் இன்னும் 4 கட்டங்கள், அதாவது 100 ஜூல், உண்டு. முக்கோணத்தின் உள்ளே மட்டும் எண்ணியிருந்தால், அரைக் கட்டங்களையும் சேர்த்து 8 கட்டங்கள், 200 ஜூல் என்று வந்திருக்கும். அடிக்கோடு எங்கே தொடங்கினாலும் உள்பரப்பு மாறுவதில்லை. சுற்று வலஞ்சுழியாகப் போவதால் இது இயந்திரம் தரும் வேலை. அம்புக்குறிகள் இடஞ்சுழியாக இருந்தால், அதே 200 ஜூலை நாம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் அவர் கவனிக்கட்டும். ஆ, இ இரண்டிலும் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் 300 தான் வருவதால், இரண்டிடத்திலும் வெப்பநிலை ஒன்றே. அதைக் கண்டு சாய்கோட்டை வெப்பநிலை மாறா நிகழ்வு என்று எழுதிவிடக் கூடாது. நடுவில், 2 லிட்டரில், அந்தப் பெருக்கம் 400 ஆகிறது, அதாவது வாயு அங்கே கூடுதலாகச் சூடேறியிருக்கிறது. உண்மையான வெப்பநிலை மாறாக் கோடு உள்நோக்கித் தொய்ந்து வளையும். அந்த வழியில் விரிவின் வேலை ஏறத்தாழ 330 ஜூலாகக் குறைந்து, சுற்றுக்கு 130 ஜூல்தான் மிஞ்சும்.