அண்ணன் மகளுக்குச் சைகை மொழி: எந்த ஆப்?

"அண்ணன் மகளுக்கு 3 வயது, காது கேட்காது. நான் ஆப்பில் ஏ, பி, சி வரை பழகிவிட்டேன். டீச்சர் பார்த்துவிட்டு 'இது நம்ம சைகை இல்லை' என்கிறார். வேறு எந்த ஆப்?"

டீச்சர் சொல்வது சரிதான். ஆங்கில எழுத்துகளை ஒரே கையால் காட்டும் ஆப் என்றால் அது பெரும்பாலும் அமெரிக்கச் சைகை மொழி. இந்தியச் சைகை மொழியில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு கைகளும் வேண்டும். ஏ எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: மடக்கிய ஒற்றைக் கை என்றால் அமெரிக்கச் சைகை.

Sign Learn என்று தேடுங்கள். டெல்லியிலுள்ள ISLRTC என்ற அரசு மையத்தின் 10,000 சொல் அகராதியை வைத்து 2022இல் வந்த ஆப் அது. சொல்லை ஆங்கிலத்திலோ இந்தியிலோ தேட வேண்டும், வீடியோ வரும்.

3 வயதில் எழுத்துகள் எதற்கு? பால், தண்ணீர், வலி, போதும், இன்னும் என்று அவளுக்குத் தேவையான சைகைகளில் தொடங்குங்கள். சைகை ஊருக்கு ஊர் மாறும். ஆப்பில் ஒன்று, பள்ளியில் வேறொன்று என்றால் பள்ளியில் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அகராதி வாக்கியம் சொல்லித் தராது. 'எங்கே போகிறாய்' என்று கேட்க, 'நீ, போ, எங்கே' என்று கேள்விச்சொல்லைக் கடைசியில் வைப்பார்கள். முகமும் சேர்ந்து கேட்க வேண்டும். இதற்கு ISLRTC யூடியூப் வீடியோக்களைப் பாருங்கள், டீச்சரிடமும் செய்து காட்டச் சொல்லுங்கள்.